முற்றுரிமை வரைபடத்தில் இலாபம், நட்டம், சமூக இழப்பு: எந்தப் பகுதியை நிழலிடுவது?

கிருஷ்ணகிரியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கும்போது, முற்றுரிமை வரைபடத்தில் கோடுகள் நான்கையும் சரியாக வரைந்தவர்கள்கூட நிழலிடும் இடத்தில் தடுமாறுவதைக் காண்கிறேன். சராசரிச் செலவுக் கோடு எந்தப் பகுதிக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பது பிடிபடாததே காரணம்.

இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையருகே ஒரேயொரு குளிர்பதனக் கிடங்கு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். P என்பது ஒரு கிரேடுக்கான வாடகை, Q என்பது ஒரு நாளில் வைக்கப்படும் கிரேடுகள். முதல் வரி தேவைக் கோடு; MR என்பது இறுதிநிலை வருவாய், MC என்பது இறுதிநிலைச் செலவு, AC என்பது சராசரிச் செலவு.

```
P  = 100 - Q
MR = 100 - 2Q
MC = 20
AC = 20 + 1200/Q
```

முதலில், MR கோடும் MC கோடும் வெட்டும் Q = 40 என்ற இடத்தில், கீழிருந்து தேவைக் கோடு வரை செங்குத்தாகப் புள்ளிக்கோடு இழுக்க வேண்டும். அது MC கோட்டை 20-லும், AC கோட்டை 50-லும், தேவைக் கோட்டை 60-லும் தொடும். விலையையும் சராசரிச் செலவையும் இந்த ஒரே கோட்டில்தான் படிக்க வேண்டும்.

இலாபச் செவ்வகத்தின் மேல்விளிம்பு 60, கீழ்விளிம்பு 50, அகலம் 40. ஆகவே இலாபம் 400 ரூபாய். MR, MC வெட்டும் புள்ளி கண்ணில் பட்டதும் செவ்வகத்தை 20 வரை இறக்கிவிடுவது மிகப் பரவலான பிழை. அப்படிச் செய்தால் 1,600 கிடைக்கும். அதில் 1,200 நிலையான செலவே தவிர இலாபம் அல்ல.

நிலையான செலவு 2,000 ஆக உயர்ந்தால், MR, MC மாறாததால் Q = 40, விலை 60 என்பவை அப்படியே இருக்கும்; சராசரிச் செலவு மட்டும் 70 ஆகும். இப்போது 60-க்கும் 70-க்கும் இடைப்பட்ட செவ்வகம் 400 ரூபாய் நட்டம். நட்டப் படத்தில் AC கோடு முழுவதும் தேவைக் கோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும். எங்காவது வெட்டினால் படம் தவறு.

டெட்வெயிட் லாஸ் எனப்படும் சமூக இழப்பு ஒரு முக்கோணம். அதன் முனைகள் Q = 40-இல் விலை 60, அதே Q-வில் MC 20, பிறகு தேவைக் கோடு MC-ஐ வெட்டும் Q = 80. பரப்பு ½ × 40 × 40, அதாவது 800. முதல் படத்தில் AC கோடு தேவைக் கோட்டை Q = 60-இல் வெட்டுவதால், பலர் முக்கோணத்தை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் 61-ஆவது கிரேடுக்கு ஒரு விவசாயி 39 ரூபாய் தரத் தயார். அதை வைக்கக் கூடுதலாக ஆவது 20 ரூபாய்தான். அந்த 19 ரூபாய்ப் பயனும் யாருக்கும் கிடைக்காமல் போகிறது என்பதால், முக்கோணம் 80 வரை நீள வேண்டும்.

வரைந்து முடித்ததும் AC கோட்டை ரப்பரால் அழிப்பதாக நினைத்துப் பாருங்கள்: செவ்வகத்தின் ஒரு விளிம்பு காணாமல் போக வேண்டும், முக்கோணம் சிறிதும் மாறக் கூடாது. இலாபப் படத்திலும் நட்டப் படத்திலும் அது அதே 800 தான்.