கார்ட்டில் 400, கட்டும்போது 477: செக்அவுட் கட்டணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பொருள், இரண்டு ஆன்லைன் கடைகள். ஒன்றில் விலை 400, இன்னொன்றில் 449. யாராக இருந்தாலும் 400 போட்டிருக்கும் கடைக்குத்தான் போவோம். முகவரி கொடுத்து, டெலிவரி நேரம் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தால் 477 என்று நிற்கும். டெலிவரி 45, ஹேண்ட்லிங் 12, ஆர்டர் சிறியது என்பதற்காக 20. அந்த 449 கடையில் கடைசிவரை 449தான். ஆனால் இத்தனை தூரம் வந்த பிறகு அங்கே போய் முகவரியை மறுபடி டைப் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அந்தப் பொறுமையின்மையை நம்பித்தான் பல கடைகள் இப்படி விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகின்றன. டிரிப் பிரைசிங் என்பது இதன் பெயர். டிக்கெட் மறுவிற்பனைத் தளமான ஸ்டப்ஹப் 2015இல் இதைத் தன் வாடிக்கையாளர்களிடமே சோதித்துப் பார்த்தது. ஒரு பாதிப் பேருக்குக் கட்டணம் சேர்ந்த விலையை முதலிலேயே காட்டியது, மறுபாதிக்குக் கட்டணத்தைக் கடைசியில்தான் காட்டியது. கடைசியில் பார்த்தவர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகச் செலவழித்தார்கள். கட்டணம் கண்ணில் படாததால் விலை கூடிய டிக்கெட்டையே தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே முதல் தவறு, பொருளுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் விலையை வைத்து இரண்டு கடைகளை ஒப்பிடுவது. ஒப்பிட வேண்டியது பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே நிற்கும் தொகையை. இரண்டு கடையிலும் அதுவரை போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் ஒரே முகவரியும் ஒரே பணம் கட்டும் முறையும் கொடுத்து. தூரத்தைப் பொறுத்து டெலிவரி கட்டணம் மாறும். வீட்டு வாசலில் பணமாகக் கொடுப்பதற்கோ கார்டில் கட்டுவதற்கோ தனிக் கட்டணம் இருந்தால், அந்த முறையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அது வெளியே வரும். முகவரி கேட்பதற்கு முன்னால் கார்ட்டில் தெரியும் ‘மொத்தம்’ பெரும்பாலும் பொருள்களின் மொத்தம் மட்டுமே.

‘இன்னும் 99க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்’

அடுத்த தவறு கொஞ்சம் நுணுக்கமானது, பணம் அதிகம் கரைவதும் இங்கேதான். மேலே சொன்ன 400 கடையையே எடுத்துக்கொள்வோம். அதன் விதிகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 425க்குக் கீழே போனால் சிறிய ஆர்டர் கட்டணம் 20, 499ஐத் தொட்டால் டெலிவரி 45 கிடையாது, ஹேண்ட்லிங் 12 மட்டும் எப்போதும் உண்டு.

கார்ட்டின் மேலே ஒரு பட்டை ஓடும், இன்னும் 99க்கு வாங்குங்கள் என்று. சரி, 99க்கு ஏதோ ஒன்றைச் சேர்க்கிறீர்கள். இப்போது பொருள்கள் 499, ஹேண்ட்லிங் 12, ஆக 511. முன்பு கட்ட வேண்டியிருந்தது 477. அதாவது டெலிவரி ‘இலவசம்’ ஆன பிறகு கையிலிருந்து 34 கூடுதலாகப் போகிறது. சேர்த்த பொருள் எப்படியும் இந்த மாதம் வாங்க வேண்டியது என்றால் இது நல்ல பேரம், 99 பொருள் 34க்கு வந்த மாதிரி. பட்டையைப் பார்த்ததால் மட்டும் சேர்த்தது என்றால் 34 வீண். இலவச டெலிவரியைத் துரத்துவது எப்போதுமே தப்பு என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த ஒரு கழித்தலைப் போட்டுப் பார்க்காமல் சேர்ப்பதுதான் தப்பு.

ஹேண்ட்லிங் 12 இங்கே போகவில்லை என்பதையும் கவனியுங்கள். டெலிவரி இலவசம் என்ற சொல் பில்லில் டெலிவரி என்று எழுதியிருக்கும் ஒரு வரியை மட்டும்தான் தொடும். ஹேண்ட்லிங், பேக்கிங், பிளாட்ஃபார்ம் கட்டணம், மழைக்கும் நெரிசல் நேரத்துக்கும் போடும் கூடுதல் தொகை எல்லாம் தனித்தனி வரிகள். மாதச் சந்தா கட்டி உறுப்பினராக இருப்பவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். சந்தா எந்த வரியை நீக்குகிறது, எந்த வரியை விட்டுவிடுகிறது என்று ஒரு முறை பில்லைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது அதே கார்ட்டில் 50 தள்ளுபடிக் கூப்பன் ஒன்றைப் போடுங்கள். 499 என்பது 449 ஆகிறது. பல கடைகள் இலவச டெலிவரிக்கான எல்லையைத் தள்ளுபடி போன பிறகு வரும் தொகையை வைத்துத்தான் பார்க்கும். எனவே டெலிவரி 45 திரும்ப வந்து உட்காரும். 449 கூட்டல் 45 கூட்டல் 12, மொத்தம் 506. கூப்பன் இல்லாமல் 511. பச்சை எழுத்தில் ‘50 மிச்சப்படுத்தினீர்கள்’ என்று வாழ்த்து வரும், உண்மையில் மிச்சம் 5. கூப்பன் போடும் முன்பு கட்ட வேண்டிய தொகை என்ன, போட்ட பிறகு என்ன என்று இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். வாழ்த்துச் செய்தியில் வரும் எண் அந்தக் கணக்கில் வராது.

எதற்கு இவ்வளவு: ஆர்டருக்கா, ஒவ்வொன்றுக்குமா?

டிக்கெட் முன்பதிவில் கன்வீனியன்ஸ் ஃபீ என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, 30தானே, போகட்டும் என்று நினைப்பது வழக்கம். பெரும்பாலான இடங்களில் அது ஒரு பதிவுக்கு அல்ல, ஒரு டிக்கெட்டுக்கு. நான்கு பேருக்கு எடுத்தால் 120. அதற்கு மேல் அந்தக் கட்டணத்துக்கே அரசு வரி வேறு சேரலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, டிக்கெட் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டாக மாற்றிப் பார்ப்பது. கட்டணம் இரட்டிப்பானால் டிக்கெட்டுக்கு ஒன்று. மாறாமல் நின்றால் பதிவுக்கு ஒன்று. அதே இருக்கையை விட்டு விலை கூடிய இருக்கைக்கு மாறும்போது கட்டணமும் ஏறினால், அது விலையில் இத்தனை சதவீதம் என்று போடப்படுகிறது. கடைகளின் உதவிப் பக்கத்தில் தேடுவதைவிட இது வேகமானது. டிக்கெட்டுக்கு ஒன்று என்றால், கவுன்ட்டரிலேயே வாங்கினால் அந்த வரி இருக்காதா என்று விசாரிப்பது நான்கைந்து பேர் போகும்போது பலன் தரும்.

கனடாவின் சினிப்ளெக்ஸ் திரையரங்கு நிறுவனம் 2022 ஜூனில் ஆன்லைன் டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் 1.50 டாலர் வரை கட்டணம் போடத் தொடங்கியது. சின்னத் தொகைதான். ஆனால் முதலில் கண்ணில் படும் விலையில் அது இல்லை, அதைப் பற்றிய விவரத்தைப் பார்க்கப் பக்கத்தைக் கீழே தள்ள வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அந்நாட்டின் போட்டித் தீர்ப்பாயம் இது ஏமாற்றும் விலைக் காட்சி என்று சொல்லி 3 கோடியே 89 லட்சம் கனடிய டாலர் அபராதம் விதித்தது.

நாம் வைக்காதது கார்ட்டில் இருந்தால்

பில்லை விரித்துப் பார்க்காமல் மொத்தத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. பல ஆப்களில் ‘கட்ட வேண்டியது’ என்ற ஒரே வரிதான் தெரியும், பக்கத்தில் சின்னதாக ஓர் அம்பு. அதைத் தட்டினால்தான் வரிகள் பிரியும். அங்கே இரண்டு வகை இருக்கும். ஒன்று, கடை போடுகிற கட்டணம். அதை நாம் எடுக்க முடியாது, வேண்டாம் என்றால் வாங்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். மற்றது, ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கிற காப்பீடு, நன்கொடை, டிப்ஸ், சோதனைச் சந்தா. இவற்றை டிக் எடுத்தால் போய்விடும். போன முறை கொடுத்த டிப்ஸை ஆப் நினைவில் வைத்துக்கொண்டு இந்த முறையும் சேர்ப்பதுண்டு. விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு, கவனிக்காமல் போவது வேறு.

சட்டமும் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வாங்கிய கூடுதல் தொகையை வாடிக்கையாளர் திருப்பிக் கேட்கலாம். இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு நெறிகள், கேட்காமல் கார்ட்டில் சேர்ப்பதையும் விலையைத் துளித்துளியாகக் காட்டுவதையும் தடை செய்த 13 உத்திகளின் பட்டியலில் வைத்தன. ஆனால் வாங்கும் நேரத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட டெலிவரி கட்டணம், கேட்காமல் கார்ட்டில் சேர்த்தது என்ற கணக்கில் வராது. ஆகவே கட்டணம் அதிகம் என்று புகார் கொடுத்தால் நிற்காது. முதலில் காட்டவில்லை, கடைசியில் சேர்த்தார்கள் என்று காட்ட முடிந்தால் நிற்கும். அதற்கு இரண்டு ஸ்கிரீன்ஷாட் வேண்டும்: பொருளின் பக்கம் ஒன்று, விரித்த பில் ஒன்று.

ரத்து செய்யும்போது

வாங்கும்போது யாரும் யோசிக்காத கேள்வி, இதை ரத்து செய்தால் எந்த வரி திரும்ப வரும் என்பது. டிக்கெட் தளங்கள் பலவற்றில் டிக்கெட் பணம் திரும்பினாலும் கன்வீனியன்ஸ் ஃபீ திரும்பாது. நிகழ்ச்சி நடக்குமா, நாம் போவோமா என்று சந்தேகம் இருந்தால், அந்தக் கட்டணத்தைப் போனதாகவே வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள்களுக்குள் ஆன்லைன் வாங்கலை முழுவதுமாக ரத்து செய்தால் வழக்கமான டெலிவரி கட்டணத்தையும் கடை திருப்பித் தர வேண்டும், எக்ஸ்பிரஸ் டெலிவரிக்காகக் கூடுதலாகக் கொடுத்ததைத் தர வேண்டியதில்லை. திரும்ப அனுப்பும் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான்.

மூன்று பொருள் வாங்கி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு சிக்கல் வரும். மீதி இருக்கும் இரண்டின் விலை இலவச டெலிவரி எல்லைக்குக் கீழே போய்விட்டால், சில கடைகள் ரீஃபண்டிலிருந்து டெலிவரி கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் 499 கார்ட்டில் அந்த 99 பொருளை மட்டும் திருப்பினால், அப்படிப்பட்ட கடையில் கைக்கு வருவது 54ஆகக் குறையும். எல்லையைத் தொடுவதற்காகச் சேர்த்த பொருள் அளவு சரியாக இருக்குமா என்று சந்தேகமுள்ள உடையாகவோ செருப்பாகவோ இருந்தால், கடையின் ரிட்டர்ன் விதியில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.