ஜெர்மனில புதுசா வேலைக்கு சேர்ந்தவங்க மெயில் சிக்னேச்சரை எப்படி வைக்கணும்

ஆபீஸ்ல லேப்டாப்பை கையில குடுத்த அன்னைக்கே பக்கத்து சீட்டுக்காரர் அவரோட சிக்னேச்சரை அனுப்பி, இதுல பேரையும் நம்பரையும் மட்டும் மாத்திக்கோங்கன்னு சொல்லுவார். அப்படியே காப்பி பண்ணாதீங்க. அவர் ஜெர்மன்காரர், அவருக்கு பேரு சிக்கல் கிடையாது, அவர் பேருக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு மூணு எழுத்து உங்களுக்கு பொருந்தாது. நீங்க சென்னை டீம், ஜெர்மன் கிளையன்ட், ஹங்கேரி ஆபீஸ்னு மூணு பக்கமும் மெயில் போடுற ஆளா இருந்தா இன்னும் கவனமா பார்க்கணும்.

முதல்ல பேரு. ஒரு உதாரணம் வச்சுக்குவோம், பையன் பேரு கார்த்திகேயன், அப்பா பேரு முருகேசன். ஊர்ல எம். கார்த்திகேயன்னு போடுவோம், ஐடி கம்பெனில கார்த்திகேயன் எம்னு போடுவோம். ஜெர்மன்காரங்களுக்கு இனிஷியல்னா அது சுருக்கி எழுதின முதல் பேரு, கடைசியா வர்றது குடும்பப் பேரு, அவ்வளவுதான் கணக்கு. அதனால "எம். கார்த்திகேயன்"னு பார்த்தா ஹெர் கார்த்திகேயன், அதாவது மிஸ்டர் கார்த்திகேயன்னு எழுதுவாங்க. ஆனா எச்ஆர் உங்க பாஸ்போர்ட்டைப் பார்த்து ஏத்தினதால கம்பெனி அட்ரஸ் புக்ல "முருகேசன், கார்த்திகேயன்"னு இருக்கும், அதைப் பார்த்தவர் ஹெர் முருகேசன்னு எழுதுவார். ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு ஆயிடும், புதுசா வர்ற கிளையன்ட் இது ரெண்டு பேர்னே நினைச்சுக்குவார்.

எனக்கு இது காசு வரைக்கும் போச்சு. என் சிக்னேச்சர்ல பேருக்குப் பின்னாடி வெறும் இனிஷியல்தான் இருந்துச்சு, டிராவல் புக் பண்ணின கலீக் அதைப் பார்த்து அந்த ஒத்தை எழுத்தையே குடும்பப் பேரா போட்டுட்டாங்க, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கு, டிக்கெட்ல இல்ல, ஏர்போர்ட்ல நின்னு பேரை மாத்துறதுக்கு தனியா பணம் கட்டினேன்.

அதனால பாஸ்போர்ட்ல எப்படி பிரிஞ்சிருக்கோ அப்படியே, முழுசா, சொந்தப் பேரு முன்னாடி குடும்பப் பேரு பின்னாடி. பாஸ்போர்ட்ல குடும்பப் பேரு கட்டம் காலியா இருந்தா உங்க ரெசிடன்ஸ் பெர்மிட் கார்டை எடுத்துப் பாருங்க, அதுல எப்படி போட்டிருக்காங்களோ அதையே எச்ஆர்லயும் சிக்னேச்சர்லயும் வச்சுக்கோங்க, மூணு இடத்துலயும் ஒண்ணா இருக்கறதுதான் முக்கியம். ஆமா, எல்லாரும் அப்பா பேரைச் சொல்லி கூப்பிடுவாங்க. முதல்ல மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும், எனக்கும் இருந்துச்சு, நெருங்கிப் பழகுறவங்ககிட்ட என் பேரு இதுதான், இப்படியே கூப்பிடுங்கன்னு சொல்லிடுங்க.

குடும்பப் பேரை மட்டும் பெரிய எழுத்துல போடுறது நல்ல வழக்கம், பிரெஞ்சுக்காரங்க நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க. ஹங்கேரில குடும்பப் பேருதான் முன்னாடி வரும், அதனால அவங்களுக்கு உங்க பேர்ல எது எதுன்னு சந்தேகம் வரும், பெரிய எழுத்து அதைத் தீர்த்துடும். அடுத்து, தமிழ் பேரைப் பார்த்து ஆணா பெண்ணான்னு ஜெர்மன்காரங்களால கண்டுபிடிக்க முடியாது, ஆனா அவங்க முறையா எழுதற மெயில்ல பொதுவா ஹெர் இல்லன்னா ஃப்ராவ் போடுவாங்க. உங்களுக்கு சம்மதம்னா பேருக்குப் பக்கத்துலயே அதைப் போட்டுடுங்க, எதிர்ல இருக்கறவருக்கு பெரிய உதவி.

பதவிக்கு வருவோம். பக்கத்து சீட்டுக்காரர் சிக்னேச்சர்ல பேருக்கு முன்னாடி `i. V.` இல்ல `ppa.`ன்னு சின்னதா இருக்கும். அது அழகுக்கு இல்ல. `ppa.`ன்னா கம்பெனி சார்பா ஒப்பந்தம் போடுற பெரிய அதிகாரம், புரோக்குரான்னு பேரு, கம்பெனி பதிவேட்டுலயே அவர் பேரு ஏறியிருக்கும். `i. V.`ன்னா அதைவிட சின்ன அதிகாரம், ஆனா அதுவும் கம்பெனி குடுத்திருக்கணும். நீங்க காப்பி பண்ணும்போது அது கூடவே வந்துடுச்சுன்னா, உங்க மெயிலை வாங்குற சப்ளையர் இவர் ஓகே சொன்னா கம்பெனியே ஓகே சொன்ன மாதிரின்னு எடுத்துக்குவார். யாரும் எழுத்துல குடுக்காத வரைக்கும் அந்த இடம் காலியா இருக்கட்டும்.

மொழிபெயர்க்கும்போதும் பார்த்து. நம்ம ஊர்ல மேனேஜர்னு தாராளமா குடுப்பாங்க, அதை டிக்ஷனரி பார்த்து `Geschäftsführer`னு போட்டுடாதீங்க, நம்ம ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரியான ஜிஎம்பிஹெச் கம்பெனில அது சட்டப்படி கம்பெனியை நடத்துறவர், உங்க மேனேஜருக்கும் மேல. `Ingenieur`ங்கிற சொல்லும் அங்க சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பட்டம், யாரு அதைப் போட்டுக்கலாம்னு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி சட்டம் இருக்கு. சாஃப்ட்வேர் வேலைக்கு `Softwareentwickler`னு போட்டா எந்த வம்பும் இல்ல, பெண்கள்னா `Softwareentwicklerin`.

இப்ப போன் நம்பர், அதிகமா தப்பு நடக்கற இடம் இதுதான். ஜெர்மன் சிக்னேச்சர்ல `+49 (0) 30` அப்படின்னு நடுவுல ஒரு சைபரை பிராக்கெட்ல போட்டிருப்பாங்க. அதுக்கு அர்த்தம், நாட்டுக்குள்ள இருந்து கூப்பிட்டா சைபர் போடு, வெளில இருந்து கூப்பிட்டா போடாதே. ஜெர்மன்காரங்களுக்கு இது புரியும், சென்னையில இருந்து கூப்பிடுறவர் பிராக்கெட்டைப் பார்த்துட்டு சைபரையும் சேர்த்து அடிப்பார், கால் போகாது, நீங்க எடுக்கலைன்னு நினைச்சுக்குவார். `+49 30 23125-014`ன்னு எழுதுங்க, ஜெர்மனிக்குள்ளயும் மொபைல்ல அப்படியே வேலை செய்யும். 30 பெர்லின் கோடு, கடைசி கோட்டுக்குப் பின்னாடி இருக்கறது உங்க எக்ஸ்டென்ஷன், அந்த இடத்துல -0 போட்டா பொதுவா ரிசப்ஷனுக்குப் போகும். இதே மாதிரி நம்ம ஊர் மொபைலுக்கு `+91`க்கு அப்புறம் பத்து டிஜிட்டையும் அஞ்சஞ்சா பிரிச்சு எழுதுங்க, முன்னாடி சைபர் வேண்டாம். ஆனா எல்லா நாட்டுக்கும் சைபரை எடுத்துடலாம்னு நினைக்காதீங்க, இத்தாலி லேண்ட்லைன்ல அந்த சைபர் இருந்தே ஆகணும், ரோம் நம்பர் `+39 06`னுதான் தொடங்கும்.

மொழி விஷயத்துல என் கருத்து, ஜெர்மனுக்கு ஒண்ணு இங்கிலீஷுக்கு ஒண்ணுன்னு ரெண்டு முழு பிளாக்கை ஒண்ணு கீழ ஒண்ணா போடாதீங்க, நாலு ரிப்ளை போனதும் மெயிலை விட சிக்னேச்சர் நீளமாயிடும். ஒரே வரில ரெண்டு மொழியும் போதும்:

```
Mit freundlichen Grüßen / Kind regards

Karthikeyan MURUGESAN (Herr / Mr)
Softwareentwickler / Software Developer
Tel. +49 30 23125-014
```

அவுட்லுக்ல புது மெயிலுக்கு ஒரு சிக்னேச்சர், ரிப்ளைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வைக்கலாம், ரிப்ளைக்கு பேரும் நம்பரும் மட்டும் வச்சுக்கோங்க. உங்க பேரை தமிழ்லயும் போட ஆசையா இருந்தா தாராளமா போடுங்க, டைப் பண்ணின எழுத்தா போடுங்க, படமா ஒட்டாதீங்க, படத்தை நிறைய மெயில் பிளாக் பண்ணிடும்.

கீழ கம்பெனி பேரு, ஊரு, பதிவேட்டு கோர்ட், `HRB` நம்பர், கம்பெனி நடத்துறவங்க பேருன்னு சின்ன எழுத்துல ஒரு பகுதி இருக்கும், அதுல கை வைக்காதீங்க. ஜிஎம்பிஹெச் கம்பெனின்னா வெளியாட்களுக்குப் போற பிசினஸ் லெட்டர்ல இதெல்லாம் இருக்கணும்னு சட்டம், மெயிலுக்கும் அது பொருந்தும்னு 2007-ல இருந்து தெளிவாவே இருக்கு. இங்கிலீஷ் மெயிலா இருந்தாலும் `GmbH`-ஐ `Ltd.`னு மாத்தக் கூடாது, அது வேற வகை கம்பெனி.

எல்லாம் முடிச்சதும் ஊர்ல இருக்கற ஒருத்தருக்கு ஒரு மெயில் போட்டு, அவங்க மொபைல்ல அந்த நம்பரைத் தொட்டு கூப்பிடச் சொல்லுங்க. உங்க டேபிள்ல போன் அடிச்சா சரி.