பழைய நோயாளிகளைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும்

பொதுச் சுகாதாரத் தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் 500 பேரில் 100 பேருக்கு ஆய்வின் முதல் நாளே நாள்பட்ட இருமல் இருந்ததாக வைத்துக்கொண்டால், பிரிவலன்ஸ் எனப்படும் பரவல் 20%. ஏற்கெனவே இருமல் உள்ளவருக்கு அது புதிதாக வர முடியாது என்பதால், ஓராண்டில் புதிதாக இருமல் வந்த 40 பேரை 500-ஆல் அல்ல, மீதமுள்ள 400-ஆல் வகுக்க வேண்டும். அப்போது இன்சிடென்ஸ் எனப்படும் புதிய நோய் நிகழ்வு 10%. பீடி சுற்றாத 500 பேரில் 50 பழைய நோயாளிகளை நீக்கி, 450 பேரில் 18 பேருக்கு வந்தால் 4%. எனவே இடர் விகிதம் 10/4 = 2.5. கழிக்க மறந்தால் 8%, 3.6% என வந்து, விகிதம் 2.2 ஆகக் குறைந்துவிடும். இடையில் பலர் ஊரைவிட்டுப் போயிருந்தால், தலைக்கணக்கு போதாது. ஒவ்வொருவரையும் கவனித்த காலத்தைக் கூட்டி, அந்த ஆள்-ஆண்டுகளால் வகுக்க வேண்டும்.