ரெண்டரில் ஸ்விட்ச் போர்டை எங்கே வைப்பது? ஒரு படுக்கையறையை வைத்தே பார்ப்போம்

பெங்களூருக்கு வந்த புதிதில் அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிளாட்டுக்குப் படுக்கையறை ரெண்டர் செய்து கொடுத்தேன். கட்டில், திரை, வெளிச்சம் எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. வீட்டுக்காரரின் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லேப்டாப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்ப்பா, லைட் போடணும்னா உள்ள வந்து, கதவைச் சாத்தி, அதுக்குப் பின்னாடி கைய விடணுமா?" என்று கேட்டார். சுவர் காலியாகத் தெரிகிறதே என்று போர்டை ஒட்டியிருந்தேன். கதவு திறந்தால் அந்த இடத்தில்தான் போய்ச் சாயும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அறைக்குள் இருட்டில் நுழைகிற ஆளாக என்னை நினைத்துக்கொண்டு, கை எங்கே தேடுமோ அங்கே போர்டை வைப்பேன். பிறகு அந்த இடத்துக்குச் சுவருக்குள் ஒயர் வர முடியுமா என்று பார்ப்பேன். இந்தப் பதிவில் அதையே ஒரு அறையில் செய்து காட்டுகிறேன். நான் பயன்படுத்துவது பிளெண்டர். வேறு மென்பொருள் என்றாலும் அளவுகள் இதேதான்.

அறை இப்படி

அகலம் 3.6 மீட்டர், நீளம் 3.3 மீட்டர், உயரம் 2.9 மீட்டர். உள்ளே நுழைந்தால் இடது கைப் பக்கம் ஜன்னல் சுவர், அதுதான் கட்டடத்தின் வெளிச்சுவர். எதிரே கட்டிலின் தலைமாடு. வலப்பக்கம் முழுக்க 60 செ.மீ. ஆழத்துக்கு அலமாரி. கதவின் கீல் இடப்பக்கம், கைப்பிடி வலப்பக்கம். திறந்தால் கதவு ஜன்னல் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

கதவுச் சுவரும் ஜன்னல் சுவரும் சேரும் மூலையைத் தரைமட்டத்தில் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். கதவுச் சுவரை ஒட்டி X, தலைமாட்டை நோக்கி Y, மேலே Z. இதைச் செய்துவிட்டால் போர்டுகளைக் கண்ணால் நகர்த்த வேண்டியதில்லை, N பேனலில் எண்ணைத் தட்டினால் போதும்.

முதலில் போர்டைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்விட்ச் மாடல்களில் பல அமெரிக்க வகை. சுமார் 7 செ.மீ. அகலம், 11.4 செ.மீ. உயரம் என்று நெட்டுக்குத்தாக நிற்கும். நம் வீட்டுச் சுவரில் அதை ஒட்டினால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். நம் ஊர் போர்டு படுக்கை வசமாக இருக்கும், மாட்யூல் கணக்கில் வரும். ஒரு ஸ்விட்ச் ஒரு மாட்யூல். பிளக் பாயிண்ட் இரண்டு மாட்யூல், அதற்குப் பக்கத்திலேயே அதன் ஸ்விட்ச் ஒன்று. ஃபேன் ரெகுலேட்டர் பெரும்பாலும் இரண்டு.

இந்த அறையின் வாசல் போர்டைக் கணக்குப் போடலாம். லைட்டுக்கு இரண்டு ஸ்விட்ச், ஃபேனுக்கு ஒன்று, ரெகுலேட்டர் இரண்டு, 6 ஆம்பியர் பிளக் இரண்டு, அதன் ஸ்விட்ச் ஒன்று. மொத்தம் எட்டு. எட்டு மாட்யூல் பிளேட் சுமார் 25 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ரெண்டருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் கணக்குப் போடாமல் அழகுக்காக ஆறு ஸ்விட்சை வரிசையாக அடுக்கினால், "இந்த ஆறும் எதுக்கு?" என்று எலக்ட்ரீஷியன் கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது.

பிளேட்டுக்கு 8 மி.மீ. தடிமன், ஓரத்தில் ஒரு மி.மீ. பெவல் கொடுங்கள். வெறும் படத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள். பிளேட்டின் கீழ் விழும் அந்த மெல்லிய நிழல் கோடு இருந்தால்தான் அது சுவரில் மாட்டிய பொருளாகத் தெரியும். நிறத்தைச் சுத்த வெள்ளையாக வைக்காமல் 0.8 அளவில் வையுங்கள். முடிந்ததும் `Ctrl+A` அழுத்தி `Scale` கொடுத்துவிடுங்கள். அப்புறம் பிளேட்டின் முதுகுப் பக்கத்தின் நடுவில் 3D கர்சரை வைத்து `Object > Set Origin > Origin to 3D Cursor` கொடுங்கள். முதுகில் ஆரிஜின் இருந்தால் சுவரின் எண்ணைக் கொடுத்த உடனே பிளேட் சரியாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருந்தால் பாதி பிளேட் சுவருக்குள் புதைந்துபோகும்.

வாசல் போர்டு

நுழைகிற ஆளின் கை கைப்பிடிப் பக்கம்தான் இருக்கும். ஆகவே போர்டும் அந்தப் பக்கம்தான். கதவுத் திறப்பு X 0.15 முதல் 1.05 வரை. நிலையின் சட்டம் 6 செ.மீ., அதாவது 1.11-இல் முடிகிறது. அங்கிருந்து 15 செ.மீ. விட்டால் போர்டின் இடது ஓரம் 1.26. பிளேட் 25 செ.மீ. என்பதால் நடுப்புள்ளி 1.385. உயரம் தரையிலிருந்து 1.2 மீட்டர், ஏறக்குறைய நான்கு அடி.

ஆக, X 1.385, Y 0, Z 1.2. பிளேட்டை முன்பக்கப் பார்வையில் (`Numpad 1`) செய்திருந்தால் அதன் முகம் தலைமாட்டுச் சுவருக்குத்தான் பொருந்தும். கதவுச் சுவருக்கு Z அச்சில் 180 டிகிரி திருப்பிக்கொள்ளுங்கள்.

நிலையை ஒட்டியே போர்டை வைக்காதீர்கள். சுவருக்குள் இரும்புப் பெட்டி புதைய வேண்டும், நிலையின் ஓரத்தில் பூச்சும் நிற்க வேண்டும். அதற்காக அரை மீட்டர் தள்ளிப் போனால் இருட்டில் கை சுவரைத் தடவிக்கொண்டே நடக்கும்.

தலைமாட்டில்

கட்டில் 1.8 மீட்டர் அகலம், X 0.6 முதல் 2.4 வரை. இருபுறமும் 50 செ.மீ. அகலத்தில் சின்ன மேஜை, அதன் உயரமும் 50 செ.மீ. முதலில் போர்டை இடது மேஜைக்கு நேர் நடுவே, X 0.35-இல் வைத்திருந்தேன். விளக்குக்குப் பின்னால் போர்டு பாதி மறைந்தது. சரி, இன்னும் ஓரமாக 0.25-க்குத் தள்ளலாம் என்று தள்ளினேன்.

ரெண்டரைப் பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன், கிருஷ்ணகிரிக்காரர், சிரித்துவிட்டார். "தம்பி, அது பில்லர். அதுல காடி வெட்டினா இன்ஜினியர் என்னை வெட்டுவாரு." மூலையிலிருந்து 30 செ.மீ. வரை கான்கிரீட் தூண், சுவரோடு சமமாகப் பூசியிருப்பதால் ரெண்டரில் தெரியாது. பிளானில் மட்டும் கோடு போட்ட கட்டமாகத் தெரியும். தூணிலும் பீமிலும் காடி வெட்டிப் பைப் புதைக்கக் கூடாது. அதனால் போர்டு வைப்பதற்கு முன் பிளானில் தூண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுமினிய அச்சு வைத்து முழுச் சுவரையும் கான்கிரீட்டில் வார்த்த புது அடுக்ககங்கள் பெங்களூரில் நிறைய வந்துவிட்டன. அங்கே பெட்டிகளை வார்க்கும்போதே வைத்துவிடுவார்கள். பில்டர் வைத்த இடம்தான் உங்கள் இடம், அதை அளந்து வந்து அப்படியே போடுங்கள்.

கடைசியில் கட்டில் பக்கமாகவே நகர்த்தினேன். X 0.45, Y 3.3, Z 0.7. ஆறு மாட்யூல் பிளேட் சுமார் 22 செ.மீ. என்பதால் அது 0.34 முதல் 0.56 வரை நிற்கிறது. தூணும் தப்பியது, படுத்தபடியே கையும் எட்டியது. விளக்கை மேஜையின் வெளி ஓரத்துக்கு மாற்றினேன். உயரம் 0.7 ஏன் என்றால், மேஜைக்கும் பிளேட்டின் அடிக்கும் நடுவே 15 செ.மீ. கிடைக்கிறது, சார்ஜர் செருகினால் ஒயர் மடங்காது. மறுபக்கம் `Alt+D` கொடுத்து X 2.55. இரண்டும் கட்டிலின் நடுக்கோடான 1.5-இலிருந்து சம தூரம். தலைமாட்டில் மரப் பலகை சுவர் முழுக்க வருகிறது என்றால் Y-யில் அதன் தடிமனைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் போர்டு பலகைக்குப் பின்னால் போய்விடும்.

ஏசியும் அதன் பிளக்கும்

இந்த அறையில் ஏசி கதவுக்கு மேலே. வெளிச்சுவர் பக்கத்திலேயே இருப்பதால் பைப் குறைந்த தூரத்தில் வெளியே போகிறது, தண்ணீர்க் குழாய்க்கும் சரிவு கிடைக்கிறது. சுமார் 85 செ.மீ. நீள யூனிட்டை X 0.7-ஐ நடுவாக வைத்தால் 1.125-இல் முடியும். அடிப்பாகம் 2.35, மேற்பாகம் 2.65. மேலே 25 செ.மீ. மிச்சம். ஸ்பிளிட் ஏசி மேல்பக்கமாகக் காற்றை இழுக்கிறது என்பதால் அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். சீலிங்கோடு ஒட்டிய ஏசியை ரெண்டரில் பார்த்தால் அனுபவசாலிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

16 ஆம்பியர் பிளக்கும் அதன் ஸ்விட்சும் சேர்ந்த மூன்று மாட்யூல் பிளேட்டை X 1.385, Z 2.45-இல் வையுங்கள். எண்ணைக் கவனித்தீர்களா? வாசல் போர்டின் அதே X. பைப் பொதுவாக சீலிங்கிலிருந்து நேராகக் கீழே இறங்கும், ஆகவே இரண்டும் ஒரே நெட்டுக்கோட்டில் இருப்பது வயரிங்குக்கும் இயல்பு, கண்ணுக்கும் ஒழுங்கு.

அப்புறம் வெண்ட். சீலிங்கில் நீளமான காற்றுக் கிரில்லைப் போட்டு, சுவரில் ஸ்பிளிட் ஏசியையும் மாட்டிய ரெண்டர்களை அடிக்கடி பார்க்கிறேன். டக்ட் ஏசி இல்லாத அறைக்கு அந்தக் கிரில் தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள். வெண்ட் உண்மையில் வர வேண்டிய இடம் பக்கத்துக் குளியலறை. அங்கே 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே, வெளிச்சுவரிலோ டக்ட் பக்கச் சுவரிலோ இருக்கும். கண்ணாடிப் பட்டைகள் வைத்த வெண்டிலேட்டர் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே ஒரு கட்டம் ஃபேனுக்குப் போகும். படுக்கையறையைப் பார்த்த சுவரில் வைத்தீர்களென்றால் குளியலறை ஈரம் முழுக்க கட்டிலுக்கு வந்துவிடும்.

ரெண்டர் கொடுப்பதற்கு முன்

கதவை 90 டிகிரி திருப்பி ஒரு முறை பாருங்கள். எந்த போர்டாவது மறைகிறதா, கைப்பிடி எதிலாவது இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அலமாரிக் கதவுகளையும் இப்படியே திறந்து பாருங்கள். கேமராவில் தெரியாத பாயிண்டுகளுக்கு மெனக்கெட வேண்டாம், டிவிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் நான் மாடல் செய்வதே இல்லை.

போர்டுக்குப் பக்கத்தில் கேமரா போகிற ஷாட் இருந்தால் மட்டும் இன்னொன்று. நம் ஊர் ஸ்விட்சில் கீழ்ப் பாதி உள்ளே அழுந்தியிருந்தால் ஆன். அறையில் விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடாமல் நிற்கிறது என்றால், லைட் ஸ்விட்சுகளை மட்டும் கீழே அழுத்தி வைத்து, ஃபேன் ஸ்விட்சை மேல்பக்கம் அழுத்திவிடுங்கள்.