பிராக்சிமா சென்டாரி எவ்வளவு காலம் எரியும்? ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ள இது ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம். இதன் நிறை சூரியனின் நிறையில் 0.12 பங்கு, வெளிவிடும் ஆற்றல் சூரியனுடையதில் 0.0016 பங்கு. இந்த இரண்டு எண்களும் கால்குலேட்டரும் போதும், அதன் ஆயுளைத் தோராயமாகக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: எரிபொருளின் அளவு

சூரியனின் நிறை 2 × 10^30 கிலோ. அதில் 0.12 பங்கு என்றால் 2.4 × 10^29 கிலோ. நட்சத்திரம் உருவாகும்போது அதில் ஏறத்தாழ 70 சதவீதம் ஹைட்ரஜன் என்பதால் எரிபொருள் 1.7 × 10^29 கிலோ.

படி 2: அதில் அடங்கிய ஆற்றல்

நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஒரு ஹீலியம் அணுக்கரு உருவாகும்போது நிறையில் 0.7 சதவீதம் ஆற்றலாக மாறுகிறது. E = mc² சூத்திரத்தில் இதைப் போட்டால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 6.3 × 10^14 ஜூல் வருகிறது. மொத்த எரிபொருளுக்கும் பெருக்கினால் 1.07 × 10^44 ஜூல்.

படி 3: செலவாகும் வேகத்தால் வகுத்தல்

சூரியன் ஒரு நொடிக்கு 3.8 × 10^26 ஜூல் வெளிவிடுகிறது. பிராக்சிமாவுக்கு அதில் 0.0016 பங்கு, அதாவது 6.1 × 10^23.

```
(1.07 × 10^44) ÷ (6.1 × 10^23) = 1.75 × 10^20
(1.75 × 10^20) ÷ (3.15 × 10^7) = 5.6 × 10^12
```

முதல் வரியின் விடை நொடிகளில்; ஓராண்டின் நொடிகளால் வகுத்தால் 5.6 லட்சம் கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

செலவு ஏன் இவ்வளவு குறைவு?

நட்சத்திரத்தின் மையத்தை அழுத்துவது அதன் மேலடுக்குகளின் எடை. நிறை குறைவாக இருந்தால், அந்த எடையைத் தாங்குவதற்குக் குறைந்த வெப்பநிலையே போதும். சூரியனின் மையம் ஏறத்தாழ 1.5 கோடி கெல்வின். பிராக்சிமா அளவுள்ள நட்சத்திரத்தில் அதில் பாதிகூட இருக்காது. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இரண்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. வெப்பம் குறைந்தால் அவை நெருங்கி இணையும் வாய்ப்பு வெகுவாகச் சரிகிறது. தோராயமாகச் சொன்னால், இணைவு வேகம் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது: வெப்பநிலை பாதியானால் வேகம் 16-ல் ஒரு பங்கு. குள்ள நட்சத்திரத்தின் மையம் சூரியனைவிட அடர்த்தியானது, அது வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். ஆனாலும் வெப்பநிலையின் வீழ்ச்சியை ஈடுகட்ட முடியாது.

பலர் தவறுவது இங்கேதான்

'நிறை 0.12, ஒளிர்வு 0.0016, ஆக 75 மடங்கு ஆயுள். சூரியனுக்கு 1,000 கோடி என்றால் இதற்கு 75,000 கோடி' என்று முடித்துவிடுகிறார்கள். நம் விடையைவிட இது ஏழு மடங்குக்கும் மேல் குறைவு. காரணம், சூரியன் தன் ஹைட்ரஜனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் எரிக்கப்போகிறது. அதன் மையப்பகுதியும் மேலடுக்குகளும் கலப்பதில்லை. மையத்தில் ஹீலியம் சேர்ந்துவிட்டால், வெளியே இருக்கும் ஹைட்ரஜன் உதவிக்கு வராது.

சூரிய நிறையில் 0.35 பங்குக்குக் கீழே உள்ள நட்சத்திரங்களின் கதை வேறு. அவற்றின் வாயு கதிர்வீச்சை எளிதில் ஊடுருவ விடாது. எனவே உலைநீர் கொதிப்பதுபோல வாயுவே மையத்திலிருந்து மேற்பரப்பு வரை சுழன்று வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அதே சுழற்சி ஹீலியத்தை மையத்திலிருந்து வெளியேற்றி, புது ஹைட்ரஜனை உள்ளே தருகிறது. அதனால்தான் படி 1-ல் முழு ஹைட்ரஜனையும் எடுத்துக்கொண்டோம். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: சூரியனின் ஹைட்ரஜனில் பத்தில் ஒரு பங்கு தரும் ஆற்றல் 8.8 × 10^43 ஜூல். பயன்படுத்தக்கூடிய எரிபொருள் என்று பார்த்தால், குட்டி பிராக்சிமாதான் சூரியனைவிடப் பணக்காரன்!

இரண்டாவது தவறு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வைத்துக் கணக்கிடுவது. பிராக்சிமாவின் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேறுகிறது. கட்புல ஒளி மட்டும் என்றால் சூரியனுடையதில் 0.00005 பங்குதான். அந்த எண்ணைப் போட்டால் ஆயுள் 180 லட்சம் கோடி ஆண்டுகளுக்குத் தாவிவிடும். விடை நூறு லட்சம் கோடியைத் தாண்டினால், முதலில் இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

நம் விடையும் சற்று மிகைதான். ஹீலியம் கூடக்கூட மையம் சுருங்கிச் சூடாகும். நட்சத்திரத்தின் ஒளிர்வு மெல்ல உயரும், செலவும் கூடும். இதையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரிகள் பிராக்சிமாவுக்குச் சுமார் 4 லட்சம் கோடி ஆண்டுகள் என்கின்றன. அதன்பின் சூரியனைப் போல சிவப்புப் பெரும் நட்சத்திரமாக இது ஊதாது. வீங்குவதற்குப் பதிலாக மேற்பரப்பு சூடேறி நீலநிறத்தை நெருங்கும், ஹைட்ரஜன் தீர்ந்ததும் ஹீலியம் நிறைந்த வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கும். எந்தச் சிவப்புக் குள்ளனும் இன்னும் அந்தக் கட்டத்தை எட்டாததால், இந்தக் கடைசிப் பகுதி முழுக்கக் கணினி மாதிரிகளிலிருந்து வந்ததே.