இரட்டை விண்மீன் கணக்கில் இரு தூரங்களைப் பிரித்தறிதல்

மட்டக்களப்பில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்புகளில் ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களின் ஆவர்த்தன காலத்தைக் காணும் கணக்கு பிழைக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: ஈர்ப்பு விசைக்கு விண்மீன்களுக்கிடையிலான முழுத் தூரம் d வேண்டும்; மையநாட்ட விசைக்கோ திணிவு மையத்திலிருந்து அந்தந்த விண்மீனின் ஆரை மட்டுமே வேண்டும்.

சூரியனைப் போல் 2 மடங்கும் 1 மடங்கும் திணிவுள்ள இரு விண்மீன்கள், பூமி–சூரியன் தூரத்தைப் போல் 3 மடங்கு இடைவெளியில் வட்டப்பாதையில் சுற்றுவதாகக் கொள்வோம். ஆரைகள் திணிவுக்கு நேர்மாறாகப் பங்கிடப்படுவதால், பாரமானதற்கு 1 அலகும் மற்றையதற்கு 2 அலகும் கிடைக்கும். இந்த அலகுகளில் T² = d³/(m₁+m₂) = 27/3 = 9; எனவே ஆவர்த்தன காலம் 3 ஆண்டுகள். 2πr/T தரும் கதிகள் முறையே ஏறத்தாழ 9.9, 19.9 km/s ஆகும்.

மையநாட்ட விசையில் ஆரைக்குப் பதிலாக d ஐ இட்டால் ஒன்றுக்கு 5.2 ஆண்டும் மற்றதற்கு 3.7 ஆண்டும் வரும். எப்போதும் மையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் இரண்டுக்கும் காலம் வேறுபடவே முடியாது.