கோர்ஸ் ஆஃப் ஆக்‌ஷன்: ஒரே நடவடிக்கை, மூன்று கூற்று, மூன்று விடை

ரயில்வே என்.டி.பி.சி. தேர்வின் ரீசனிங் பாடத்திட்டத்தில் 'கூற்றும் நடவடிக்கையும்' என்று ஒரு தலைப்பு உண்டு. வங்கி பி.ஓ. மெயின்ஸ் எழுதியவர்களுக்கும் இது பழக்கமான பகுதிதான். மேலே ஒரு பிரச்சினையைச் சொல்லியிருப்பார்கள். கீழே இரண்டு நடவடிக்கைகள் இருக்கும். கூற்றில் உள்ளதை வைத்துப் பார்த்தால் எந்த நடவடிக்கை எடுக்கத் தக்கது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

புதிதாகப் படிக்க வருபவர்கள் நடவடிக்கையை மட்டும் படித்துவிட்டு, 'இது நல்ல காரியம்தானே' என்று டிக் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. ஒரு நடவடிக்கை நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியே இல்லை. அதே நடவடிக்கை ஒரு கூற்றுக்குக் கீழே சரியாகவும், இன்னொரு கூற்றுக்குக் கீழே தவறாகவும் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அதன் கூற்றை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்போம்.

முதல் படி: நீங்கள் யார் என்று முடிவு செய்யுங்கள்

வினாவுக்கு முன்னால் வரும் குறிப்பில் இரண்டு விஷயங்கள் இருக்கும். கூற்றில் உள்ளது அனைத்தும் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. நடவடிக்கை என்பது நிலைமையைச் சரிசெய்யவோ தொடர்ந்து கவனிக்கவோ எடுக்கும் நிர்வாக முடிவு என்பது மற்றொன்று. அதாவது, அந்தக் கோப்பு உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது, நீங்கள்தான் பொறுப்பான அதிகாரி. 'இப்படியெல்லாம் நடக்குமா' என்று கூற்றைச் சந்தேகிப்பது உங்கள் வேலை அல்ல. கோப்பில் இல்லாத ஒன்றை ஊகித்துக்கொண்டு உத்தரவு போடவும் கூடாது.

இரண்டாம் படி: கூற்றிலிருந்து மூன்று விஷயங்களை எடுங்கள்

என்ன நடந்தது? காரணம் தெரியுமா, தெரியாதா? எவ்வளவு இடத்துக்குப் பரவியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடையை ரஃப் தாளில் ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது நம் கேள்வி:

*கூற்று: ஒரு நகராட்சியின் ஒரு வார்டில் கடந்த ஒரு வாரத்தில் 60 பேர் வயிற்றுப்போக்குடன் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளனர்.*

*நடவடிக்கை 1: நகராட்சி அந்த வார்டின் குடிநீர் மாதிரியை எடுத்து உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.*

*நடவடிக்கை 2: அந்த வார்டில் உள்ள குடிநீர்க் குழாய்கள் அனைத்தையும் அகற்றிவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும்.*

ரஃப் தாளில் என்ன எழுதுவீர்கள்? 'வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாது, ஒரு வார்டு.' அவ்வளவுதான். இதில் நடுவில் இருக்கும் 'காரணம் தெரியாது' என்பதுதான் இந்தக் கேள்விக்கான சாவி.

மூன்றாம் படி: ஒவ்வொரு நடவடிக்கையையும் தனியாக நிறுத்திக் கேளுங்கள்

இரண்டு கேள்விகள் போதும். இந்த நடவடிக்கை பிரச்சினையைக் குறைக்குமா, அல்லது காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுமா? உதவும் என்றால், பிரச்சினையின் அளவுக்கு ஏற்றதாக இருக்கிறதா?

நடவடிக்கை 1-ஐப் பாருங்கள். தண்ணீர்தான் காரணம் என்று கூற்றில் எங்கும் இல்லையே என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் பரிசோதனை செய்வதற்குக் காரணம் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததால்தான் பரிசோதிக்கிறோம். அசுத்தமான தண்ணீரால் வயிற்றுப்போக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவு. அந்த அளவு பொது அறிவைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமல் எந்த நடவடிக்கையையும் கூற்றோடு இணைக்கவே முடியாது. அதிலும் ஒரே வார்டில் இத்தனை பேர் என்றால், அவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்றை முதலில் சோதிப்பதுதான் முறை. செலவும் குறைவு, யாருக்கும் பாதிப்பில்லை. ஆகவே 1 பொருந்தும்.

நடவடிக்கை 2-க்கு வாருங்கள். இது பலிக்க வேண்டுமானால் இரண்டு ஊகங்கள் வேண்டும். தண்ணீர்தான் காரணம், அதுவும் வார்டு முழுவதும் குழாய்கள் கெட்டுப்போனதுதான் காரணம். கூற்று இரண்டில் எதையும் சொல்லவில்லை. பரிசோதிப்பதற்கு ஊகம் போதும், தோண்டுவதற்குப் போதாது. விடை: 1 மட்டும்.

இப்போது கூற்றில் ஒரே ஒரு வரியைச் சேர்ப்போம்

*…சேர்க்கப்பட்டுள்ளனர். மூன்றாவது தெருவில் குழாய் உடைந்து, குடிநீரில் சாக்கடை நீர் கலந்ததே காரணம் என்று பரிசோதனையில் உறுதியாகியுள்ளது.*

நடவடிக்கைகள் அதேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. ரஃப் தாளில் மட்டும் 'காரணம் தெரியும், ஒரு இடத்தில் உடைப்பு' என்று மாறிவிட்டது.

இப்போது 1-ஐப் பாருங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க மாதிரி எடுப்பது முடிந்துபோன வேலை. இனி அதையே மறுபடி செய்தால் உடைப்பு அடைபடாது. ஆக 1 பொருந்தாது. 'பழுது பார்த்த பிறகு தண்ணீரை மீண்டும் பரிசோதிக்க வேண்டும்' என்று கொடுத்திருந்தால் அது வேறு கதை. அப்போது அது தொடர் கண்காணிப்பு, பொருந்தும். இந்தச் சின்ன வித்தியாசத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், கவனமாகப் படியுங்கள்.

2-ஆவது இப்போது பிரச்சினையோடு தொடர்புடையதுதான், குழாய்தான் காரணம். ஆனால் உடைந்தது ஒரு தெருவில், தோண்டச் சொல்வதோ வார்டு முழுவதும். 'அனைத்தையும்' என்ற சொல்லின் கீழே கோடு போடுங்கள். மூன்றாவது படியின் முதல் கேள்வியில் தேறி, இரண்டாவது கேள்வியில் விழுகிறது. விடை: இரண்டும் இல்லை. உடைந்த இடத்தை அடைத்துவிட்டு, அதுவரை லாரியில் தண்ணீர் கொடுப்பது என்று ஒரு நடவடிக்கை இருந்திருந்தால் அது பொருந்தியிருக்கும்.

இன்னொரு முறை மாற்றுவோம்

*…அந்த வார்டின் குழாய்கள் 50 ஆண்டுகளுக்கு மேல் பழையவை என்றும், பெரும்பாலான தெருக்களில் அவை துருப்பிடித்து உடைந்து சாக்கடை நீர் கலப்பதே காரணம் என்றும் ஆய்வில் உறுதியாகியுள்ளது.*

முதல் கூற்றுக்குக் கீழே அவசரமாகத் தெரிந்த, இரண்டாவதற்குக் கீழே அதிகப்படியாகத் தெரிந்த அதே 2 இப்போது பொருந்துகிறது. பிரச்சினையும் வார்டு முழுவதும், தீர்வும் வார்டு முழுவதும். செலவு அதிகம், மாதக்கணக்கில் ஆகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் செலவு அதிகம் என்பதற்காக மட்டும் ஒரு நடவடிக்கையை நிராகரிக்காதீர்கள். பிரச்சினையின் அளவுக்கு அது பொருந்துகிறதா என்பதே அளவுகோல். 1 இங்கேயும் பொருந்தாது, காரணம் தெரிந்துவிட்டது. விடை: 2 மட்டும்.

'அனைத்து', 'முற்றிலும்', 'உடனடியாகத் தடை' என்ற சொற்கள் வந்தாலே தவறு என்று சில பயிற்சிப் புத்தகங்களில் சூத்திரம் போலக் கொடுத்திருப்பார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். அந்தச் சொற்கள் நின்று யோசிக்க வேண்டிய இடங்கள், அவ்வளவுதான். 2022 அக்டோபரில், காம்பியாவில் கண்டறியப்பட்ட நான்கு சிரப் மருந்துகளில் டைஎதிலீன் கிளைக்கால், எதிலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள்கள் அளவுக்கு மீறி இருந்ததாக உலக சுகாதார அமைப்பு எச்சரித்தது. அவற்றைக் கண்டறிந்து புழக்கத்திலிருந்து அகற்றும்படியும் கேட்டுக்கொண்டது. இது ஒரு தேர்வுக் கூற்றாக வந்தால், 'அந்த நான்கு மருந்துகளின் விற்பனையை முற்றிலும் நிறுத்த வேண்டும்' என்பது கட்டாயம் பொருந்தும். 'எல்லா இருமல் மருந்துகளையும் தடை செய்ய வேண்டும்' என்பது பொருந்தாது. இரண்டிலும் தடை இருக்கிறது. எதன் மீது தடை என்பதில்தான் வேறுபாடு.

விழிப்புணர்வு முகாம் என்று வரும் நடவடிக்கைகளையும் இதே போலப் பாருங்கள். கேட்க நன்றாக இருப்பதால் கை தானாக டிக் போடப் போகும். நம் முதல் கூற்றுக்குக் கீழே 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி வார்டு மக்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும்' என்று இருந்தால் அது பொருந்தும், ஏனென்றால் இன்றைக்கே நோயிலிருந்து காப்பாற்றக்கூடியது. 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு பற்றி ஆண்டு முழுவதும் பள்ளிகளில் முகாம் நடத்த வேண்டும்' என்பது நல்ல காரியம்தான், ஆனால் மருத்துவமனையில் இருக்கும் அந்த 60 பேரின் பிரச்சினையைத் தொடவே இல்லை.

நான்காம் படி: 'இரண்டில் ஏதேனும் ஒன்று' எப்போது?

இரண்டையும் தனித்தனியே முடிவு செய்த பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் 'இரண்டும்' என்பதுதான் வழக்கமான விடை. 'ஒன்று அல்லது மற்றொன்று' என்பது அரிதாகவே வரும். ஏதாவது ஒன்றே பிரச்சினையைத் தீர்த்துவிடும், இரண்டையும் சேர்த்துச் செய்வது வீண் அல்லது முடியாது என்ற நிலையில்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கல்லூரியில் ஒரே அரங்கில், ஒரே நேரத்தில் இரண்டு தேர்வுகள் தவறுதலாக அறிவிக்கப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேர்வை மாற்றலாம், அல்லது இரண்டாவதை மாற்றலாம். இரண்டையும் மாற்றத் தேவையில்லை. இதுதான் சரியான 'ஏதேனும் ஒன்று'. எது சரி என்று உங்களுக்குக் குழப்பமாக இருப்பதற்காக அந்த விடையைப் போடக் கூடாது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என்.டி.பி.சி. முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள், ஒன்றுக்கு 54 விநாடி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். கூற்றுக்கு 20 விநாடி, ஒவ்வொரு நடவடிக்கைக்கும் 10 விநாடி என்று வைத்துக்கொண்டால் போதும். ஆரம்பத்தில் இதைவிட இரண்டு மடங்கு ஆகும், பரவாயில்லை.

பயிற்சிக்குத் தேர்வு வாரியமே வெளியிட்ட விடைக்குறிப்பு உள்ள பழைய வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் புத்தகத்துக்குப் புத்தகம் விடை மாறும். அப்புறம், விடை சரிபார்த்த பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிடாமல், கூற்றில் காரணம் சொல்லும் வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு மீண்டும் விடை போடுங்கள். காரணம் இல்லாத கூற்று என்றால், ஒரு காரணத்தை நீங்களே எழுதிச் சேர்த்துப் போடுங்கள். உதாரணத்துக்கு இது: *ஒரு பேருந்துப் பணிமனையில் இந்த மாதம் 12 பேருந்துகள் வழியில் பழுதாகி நின்றன. நடவடிக்கை 1: பழுதுக்கான காரணத்தை ஆராயக் குழு அமைக்க வேண்டும். நடவடிக்கை 2: டீசல் வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றுவதை உறுதிசெய்ய வேண்டும்.* இப்படியே விட்டால் 1 மட்டும். 'வடிகட்டிகள் உரிய காலத்தில் மாற்றப்படாததே காரணம் என்று தெரியவந்துள்ளது' என்ற வரியைச் சேர்த்தால் 2 மட்டும்.